டொரன்டோல 11 மணின்னா லண்டன்ல எத்தனை மணி? எந்த வாரம்னு முதல்ல சொல்லுங்க

நாலு நாட்டு ஆளுங்கள சேர்த்து நான் முதல்முதலா ஒரு வெபினார் தொடர் நடத்துனப்போ முதல் வாரம் எல்லாரும் சரியா வந்தாங்க, ரெண்டாவது வாரம் பாதி பேர காணோம். பேச வந்தவங்க முக்கால் மணி நேரம் பேசி முடிச்சு, கேள்வி இருக்கான்னு கேட்டுட்டு இருக்கும்போது ஒவ்வொருத்தரா உள்ள வர ஆரம்பிச்சாங்க, வந்தவங்க எல்லாரும் தாங்க சரியான நேரத்துக்கு வந்ததாதான் நினைச்சாங்க. அவங்க மேல தப்பே இல்ல, போஸ்டர்ல போட்டிருந்த நேரத்துக்குதான் வந்தாங்க. தப்பு போஸ்டர்ல இருந்துச்சு, அத போட்டது நான்.

நான் பண்ண தப்பு ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்குற நேர வித்தியாசம் மாறாத ஒரு எண்ணுன்னு நினைச்சுட்டேன். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்னு வளர்ந்தவங்களுக்கு இது ரொம்ப இயல்பா வர்ற தப்பு, ஏன்னா நம்ம கடிகாரத்த வருஷத்துக்கு ரெண்டு தடவ யாரும் திருப்பி வைக்கிறதில்ல. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா பக்கமெல்லாம் டேலைட் சேவிங் இருக்குன்னு நமக்கு தெரியும், ஆனா அது எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல மாறாதுங்கறதுதான் நிறைய பேர் கவனிக்காத விஷயம்.

அமெரிக்காவுல பெரும்பாலான இடத்துலயும் டொரன்டோலயும் மார்ச் மாசம் ரெண்டாவது ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி போகும், 2007லேர்ந்து இப்படித்தான். பிரிட்டன்லயும் ஐரோப்பாவுலயும் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாறும். அப்ப நடுவுல ரெண்டு, மூணு வாரம் ஒருத்தர் மாறியிருப்பார், இன்னொருத்தர் மாறியிருக்க மாட்டார், வெபினார் தொடர் எல்லாம் கவுந்து போறது பெரும்பாலும் இந்த இடைவெளியிலதான். இலையுதிர் காலத்துலயும் இதே மாதிரி ஒரு வாரம் வரும், ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு பழைய நேரத்துக்கு திரும்பும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறுதான் திரும்பும்.

ஒரு கணக்கு போட்டு பாக்கலாம், 2026 மார்ச்ச எடுத்துக்கோங்க. டொரன்டோ, லண்டன், சென்னை, சிங்கப்பூர் நாலு ஊர்லயும் ஆள் இருக்காங்க, வாராவாரம் வியாழக்கிழமை டொரன்டோ நேரம் காலைல 11 மணிக்கு வெபினார்.

மார்ச் 5, முதல் வாரம். டொரன்டோல காலைல 11ன்னா லண்டன்ல சாயங்காலம் 4, சென்னைல ராத்திரி 9:30, சிங்கப்பூர்ல நடு ராத்திரி 12. இத வச்சு ஒரு போஸ்டர் பண்ணி, தேதிய மட்டும் மாத்தி மாத்தி வாராவாரம் அனுப்பலாம்னு தோணும். மார்ச் 8 ஞாயிறு டொரன்டோ கடிகாரம் மாறிடுது. மார்ச் 12 அன்னைக்கு டொரன்டோல அதே 11 மணிதான், ஆனா லண்டன்ல 3 மணி, சென்னைல 8:30, சிங்கப்பூர்ல ராத்திரி 11. பழைய போஸ்டர பாத்து வர்றவங்க மூணு ஊர்லயும் ஒரு மணி நேரம் லேட்டு, ஒரு மணி நேர வெபினார்னா அவங்க வரும்போது முடிஞ்சே போயிருக்கும். அதுக்கப்புறம் மார்ச் 29 லண்டனும் மாறுது, ஏப்ரல் 2 அன்னைக்கு லண்டன்காரங்களுக்கு திரும்ப 4 மணி ஆயிடும், ஆனா சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 8:30, 11ங்கறது அப்படியே நிக்கும். அதாவது அஞ்சு வாரத்துக்குள்ள லண்டன்காரங்களுக்கு நேரம் ரெண்டு தடவ மாறுது, நமக்கு ஒரு தடவ, டொரன்டோகாரங்களுக்கு எதுவுமே மாறல. நடத்துறவர் டொரன்டோல இருந்தா அவருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது, அதுதான் கஷ்டம். சிட்னியும் இதுல சேர்ந்தா இன்னும் ஒரு சிக்கல், அங்க பருவம் தலைகீழ்ங்கறதால ஏப்ரல் முதல் ஞாயிறு அவங்க கடிகாரம் பின்னாடி போகும்.

அதனால நேரத்த கணக்கு போடும்போது "டொரன்டோ லண்டன் நேர வித்தியாசம்"னு தேடி வர்ற எண்ண எடுத்துக்காதீங்க. அது பெரும்பாலும் நீங்க தேடுற அன்னைக்கு இருக்குற வித்தியாசம். பிப்ரவரில உக்காந்து மார்ச் 12க்கு போஸ்டர் பண்றீங்கன்னா அஞ்சு மணி நேரம்னு காட்டும், அன்னைக்கு உண்மையில நாலுதான். நேரம் மாத்தி காட்டுற எந்த தளமா இருந்தாலும் வெபினார் நடக்குற தேதிய உள்ள கொடுத்து பாருங்க, தொடரா இருந்தா ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியா பாருங்க. அஞ்சு தேதி, நாலு ஊரு, மொத்தம் இருவது நேரம், பத்து நிமிஷ வேல.

அடுத்து இந்த மூணெழுத்து சுருக்கம். EST, IST, CSTன்னு போடுறது பாக்க நல்லா இருக்கும், ஆனா IST-ன்னா இந்திய நேரம்னு நாம படிப்போம், இஸ்ரேல்ல இருக்குறவர் அவங்க நேரம்னு படிப்பார், அயர்லாந்துலயும் கோடை நேரத்துக்கு அதே எழுத்துதான். CST அமெரிக்காவோட நடுப்பகுதி நேரமாவும் இருக்கலாம், சீன நேரமாவும் இருக்கலாம். இதவிட ஆபத்து EST, ஏன்னா அது யாருக்கும் சந்தேகமே வராத தப்பு. EST-ங்கறது குளிர்கால நேரம் மட்டும், மார்ச் 8க்கு அப்புறம் டொரன்டோல ஓடுறது EDT. மார்ச் 12க்கு "11 AM EST"ன்னு போட்டீங்கன்னா டொரன்டோகாரர் பழக்கத்துல 11க்கே வந்துடுவார், ஆனா சிங்கப்பூர்ல ஒருத்தர் அத அப்படியே ஒரு தளத்துல போட்டு பாத்தார்னா அது அவருக்கு நடு ராத்திரி 12ன்னு சொல்லும், அந்த தளம் சொல்றது எழுத்துப்படி சரியும்கூட. அதனால சுருக்கமே வேணாம், "டொரன்டோ நேரம் காலை 11"னு ஊர் பேர போடுங்க, ஊர் பேர் போட்டா கோடையா குளிர்காலமாங்கற கேள்வியே வராது.

நடு ராத்திரி 12 மணிக்கு நம்ம தமிழ்ல தனியா ஒரு குழப்பம் இருக்கு, இத நான் வேற எங்கயும் பேசி பாத்ததில்ல. நாம பேசும்போது விடியுற வரைக்கும் அது முந்தின நாள்தான், "வியாழக்கிழமை ராத்திரி 12 மணி"ன்னா வியாழன் முடிஞ்சு வெள்ளி பொறக்குற நேரம். ஆனா காலண்டர்ல அது வெள்ளிக்கிழமை 12:00 AM. மேல சொன்ன கணக்குல மார்ச் 5 வெபினார் சிங்கப்பூர்காரங்களுக்கு மார்ச் 6 வெள்ளி 12:00 AM. போஸ்டர்ல "வெள்ளி 12 மணி"ன்னு போட்டா சிலர் வெள்ளிக்கிழமை மதியம் வருவாங்க, சிலர் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்ட்டு முடிச்சுட்டு வருவாங்க, ரெண்டு பேருக்குமே வெபினார் முடிஞ்சு போச்சு. எந்த ஊருக்காவது சரியா 12ல விழுந்துச்சுன்னா நான் மொத்த நிகழ்ச்சியையும் அரை மணி நேரம் முன்ன தள்ளிடுவேன். 11:30ன்னா வியாழன் ராத்திரிங்கறது பேச்சுலயும் காலண்டர்லயும் ஒண்ணா இருக்கும். தள்ள முடியலன்னா "வியாழன் ராத்திரி தூங்க போறதுக்கு முன்னாடி, காலண்டர்ல வெள்ளி மார்ச் 6"ன்னு நீளமாவே எழுதிடுங்க.

போஸ்டர் சரியா இருந்தாலும் காலண்டர் அழைப்புல தப்பு ஒளிஞ்சிருக்கும். இதுலதான் முக்கால்வாசி பேர் மாட்டுவாங்க, ஏன்னா காலண்டர் எல்லாத்தையும் பாத்துக்கும்னு நம்பிடறோம். காலண்டர் பாத்துக்கும்தான், ஆனா எந்த ஊர வச்சு பாத்துக்கணும்னு நீங்க சொன்னாத்தான். நீங்க அனுப்புற .ics ஃபைல நோட்பேட்ல திறந்து DTSTARTன்னு ஆரம்பிக்கிற வரிய தேடுங்க, கீழ இருக்குற மூணுல ஒண்ணு மாதிரி இருக்கும்.

```
DTSTART;TZID=America/Toronto:20260312T110000
DTSTART:20260312T150000Z
DTSTART:20260312T110000
```

முதல் வரில ஊர் பேர் இருக்கு, வாராவாரம் திரும்ப வர்ற தொடருக்கு இதுதான் வேணும், டொரன்டோ 11ங்கறத பிடிச்சுக்கிட்டு மத்த ஊருக்கெல்லாம் அந்தந்த தேதிக்கு ஏத்த மாதிரி காலண்டரே மாத்திக்கும். ரெண்டாவதுல கடைசில Z இருக்கு, அப்படின்னா UTC, உலகத்துக்கே பொதுவா வச்சிருக்கற அடிப்படை நேரம். ஒரே ஒரு நாள் நிகழ்ச்சின்னா இது போதும், ஆனா வாராவாரம் திரும்பற மாதிரி வச்சா UTC மாறவே மாறாதுங்கறதால சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் நிலையா இருக்கும், டொரன்டோக்கும் லண்டனுக்கும் தொடரோட நடுவுல நேரம் குதிக்கும். மூணாவதுல ஊரும் இல்ல, Z-ம் இல்ல. இது வந்தா உடனே நிறுத்துங்க. இந்த வரிய திறக்குற ஒவ்வொருத்தர் காலண்டர்லயும் அவங்கவங்க ஊர் 11 மணின்னு உக்காந்துக்கும், சிங்கப்பூர்காரர் காலைல 11 மணிக்கு ஆளில்லாத ரூம்ல காத்துட்டு இருப்பார்.

முதல் வரி மாதிரி இருந்தா மட்டும் போதாது, TZIDக்கு அப்புறம் எந்த ஊர் இருக்குன்னும் பாருங்க. டொரன்டோ நேரத்துக்கு நடக்குற தொடர சென்னைல இருக்குற ஒரு நண்பர் தன்னோட லேப்டாப்ல உருவாக்குனா பெரும்பாலும் அங்க Asia/Kolkata-ன்னு உக்காந்துடும். முதல் வாரம் எல்லாம் சரியா தெரியும், கடிகாரம் மாறுற வாரத்துல பேச வர்றவருக்கே ஒரு மணி நேரம் தள்ளி 12ன்னு காட்டும். அதனால தொடங்குறதுக்கு முன்னாடி எந்த ஊர் நேரம் மாறாம இருக்கணும்னு ஒரு முடிவு எடுத்து எல்லாருக்கும் சொல்லிடுங்க. என் கணக்குல அது பேசுறவரோட ஊரா இருக்கறது நல்லது, கேக்க வர்றவங்கள்ல பத்து பேர் தவறினா வெபினார் நடக்கும், பேசுறவர் தவறினா நடக்காது. பெரும்பாலானவங்க ஒரே ஊர்னா அந்த ஊர வச்சுக்கறதும் நியாயம்தான்.

பதிவு பண்ற பக்கம் பாக்குறவங்க ஊர் நேரத்த தானா காட்டுற மாதிரி இருந்தாலும் வாட்ஸாப்ல சுத்துறது படம்தான், படத்துல இருக்குற நேரம் தானா மாறாது. அதனால ஒவ்வொரு வாரத்துக்கும் புது படம், அதுல தேதி, கிழமை, ஒவ்வொரு ஊர் நேரம் எல்லாம் எழுதி, நேரம் மாறுற ஊருக்கு பக்கத்துல "போன வாரத்தவிட ஒரு மணி நேரம் முன்னாடி"ன்னு ஒரு வரி. இந்த ஒரு வரிய பாத்துட்டுதான் எங்க லண்டன் ஆளுங்க அலாரத்த மாத்தினாங்க, மெயில்ல நான் எழுதின நீளமான விளக்கத்த யாரும் படிக்கல. முந்தின நாள் ஒரு நினைவூட்டல், அப்புறம் ஆரம்பிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது "இன்னும் ஒரு மணி நேரத்துல"ன்னு ஒண்ணு, இந்த ரெண்டாவதுக்கு ஊர் நேரமே தேவையில்ல, எந்த ஊர்லயும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான்.

இவ்வளவு பண்ணியும் மார்ச்ல அந்த மூணு வாரம் ரெண்டு மூணு பேர் பழைய படத்த பாத்துட்டு வரத்தான் செய்வாங்க, பழைய படம் குரூப்ல அப்படியேதான கிடக்குது. அதுக்கு நான் இப்ப பண்றது, அந்த வாரங்கள்ல வெபினார் முடிஞ்சாலும் ரூம மூடாம இன்னும் அரை மணி நேரம் ஒருத்தர உக்கார வைக்கிறோம், லேட்டா வர்றவங்களுக்கு என்ன ஆச்சுன்னு அவர் சொல்லி ரெக்கார்டிங் லிங்க கையோட கொடுத்து, அடுத்த வாரம் அவங்க ஊர்ல எத்தனை மணின்னு சாட்லயே டைப் பண்ணி அனுப்பிடுவார்.