இந்திக் கோழியும் தமிழ் மாடும்: பழமொழியை மொழிபெயர்க்கும் முறை

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்களின் பொங்கல் விழாவுக்காக ஓர் இந்தி ஓரங்க நாடகத்தைத் தமிழாக்கினேன். அதில் மருத்துவரான மனைவி, காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் போய் வந்த கணவனிடம், "கர் கீ முர்கீ தால் பராபர்" என்கிறாள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், "வீட்டுக் கோழி பருப்புக்குச் சமம்" என்று வரும். இந்த ஒரு வரியைக் கொண்டே முறையை விளக்குகிறேன்.

முதல் படி: வரி எங்கே உடைகிறது என்று பாருங்கள். காட்சியில் கோழியும் இல்லை, பருப்பும் இல்லை. எனவே இது பழமொழி என்று தெரிந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே கிடைப்பதால், கோழிகூட அன்றாடப் பருப்பைப் போல மலிவாகத் தெரிகிறது என்பது இந்தி வரியின் கருத்து. தமிழர் காதிலோ வீட்டில் வளர்த்த கோழி என்றால் நாட்டுக்கோழி, அதாவது விலை கூடிய கோழி. பருப்பு என்றதும் "உன் பருப்பு இங்கே வேகாது" என்பதுதான் நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பெரியம்மாவிடம் இந்த வரியைப் படித்துக் காட்டியபோது, "அன்றைக்கு என்ன சமையல்?" என்றுதான் கேட்டார்.

இரண்டாம் படி: சொற்களை மூடி வைத்துவிட்டு, யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். நான் எழுதியது இது: "அருகில் இருப்பதால் தன் மதிப்பு தெரியவில்லை என்று மனைவி குறைபடுகிறாள்."

மூன்றாம் படி: கோழியைத் தேடாமல், அந்த வரியின் கருத்தைத் தேடுங்கள். எனக்கு மூன்று பழமொழிகள் கிடைத்தன. "இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது தொலைவில் உள்ளதன் மீதான ஆசையைச் சொல்கிறதே தவிர, அருகில் இருப்பவரின் மனக்குறையைச் சொல்வதில்லை. "கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது" கணவனின் செயலுக்கு மிகவும் பொருந்துகிறது. நண்பர் ஒருவர் அவனைக் கண்டிப்பதாக இருந்தால் இதையே எடுத்திருப்பேன். ஆனால், மதிப்புக் குறைவு என்ற வலி "உள்ளூர் மாடு விலை போகாது" என்பதில்தான் இருக்கிறது. மாடு என்ற சொல்லை அவள் தன்னைப் பற்றியே சொல்வதால் உறுத்தவில்லை. அவளைக் குறித்து மாமியார் சொன்னால் அது வசையாகிவிடும்.

நான்காம் படி: மூலமொழி தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பெரியம்மா இம்முறை, "பாவம், அவளுக்குக் கோபம் வராதா?" என்றார். பொருத்தமான பழமொழி அமையாவிட்டால், "வீட்டில் இருப்பதால் என் அருமை தெரியவில்லை" என்று நேராக எழுதுவதே நல்லது.

ஓர் இடத்தில் மட்டும் இந்த முறை சிக்கலைத் தரும். பின்வரும் உரையாடல் அதே உவமையைப் பிடித்துக்கொண்டு வளரும்போது, பழமொழியை மட்டும் மாற்றினால் போதாது. எங்கள் நாடகத்தில் கணவன், "பருப்பு இல்லாமல் ஒரு நாளாவது சாப்பிட முடியுமா?" என்று சமாதானம் சொல்கிறான். கோழி மாடாகிவிட்டதால் அந்தப் பதிலையும் மாற்ற வேண்டியதாயிற்று: "விற்கிற எண்ணமே இல்லாதவனிடம் விலையைப் பற்றி ஏன் பேசுகிறாய்?"