அம்மாவுக்குத் தெரியாமல் அறுபதாவது பிறந்தநாள்: அழைப்பை அனுப்புவது எப்படி?

அம்மா சனிக்கிழமை மாலை 5:30க்குக் கோயிலுக்குப் போய் 7 மணிக்குத் திரும்புவார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் இருபது பேர் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

1. குரூப் வேண்டாம்

வாட்ஸ்அப்பில் புது குரூப் தொடங்கினால் யாராவது ஒருவர், "அக்காவையும் சேர்க்கலையா?" என்று கேட்டு அம்மாவையே சேர்க்கச் சொல்வார். அதனால் பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் நல்லது. ஆண்ட்ராய்டில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, பிராட்காஸ்ட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, அழைக்க வேண்டியவர்களைச் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தியாகத்தான் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும்.

ஒரு சிக்கல்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே இது போய்ச் சேரும். அனுப்பி ஒரு நாள் ஆகியும் ஒருவருடைய சாட்டில் ஒற்றை டிக் மட்டும் நின்றால் போன் செய்துவிடுங்கள். சித்தப்பா, பெரியம்மா வயதுக்காரர்களுக்கு முதலிலேயே போன் செய்வது இன்னும் நல்லது.

2. முதல் வரியில் விஷயம் வேண்டாம்

பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரிகள் தெரியலாம். அத்தையின் போன் மேசையில் கிடக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? அதனால் தொடக்கம் சாதாரணமாக இருக்கட்டும். விஷயம் கீழே வரட்டும்.

> வணக்கம், எல்லாரும் நலமா? ரொம்ப நாளாச்சு பேசி. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒரு சின்ன விஷயம், தனியாக இருக்கும்போது படியுங்கள்.
>
> சனிக்கிழமை அம்மாவுக்கு 60. அவருக்குத் தெரியாது. மாலை 6:00 மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். 6:30க்குக் கதவைச் சாத்திவிடுவோம். அதுவரை அம்மாவிடம் வாழ்த்தும் வேண்டாம், ஸ்டேட்டஸும் வேண்டாம். வருவதாக இருந்தால் "சரி" என்று மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

3. ஒரே நேரம் சொல்லுங்கள்

அம்மா 7 மணிக்கு வருவார் என்று எழுதினால் பாதிப் பேர் 6:55க்கு வந்து வாசலிலேயே அவரைச் சந்திப்பார்கள். நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதானே! வர வேண்டிய நேரத்தை மட்டும் சொல்லுங்கள். கோயிலில் கூட்டம் இல்லாமல் அம்மா சீக்கிரம் கிளம்பிவிடலாம், அதற்கும் 6:30க்கும் 7க்கும் இடையே உள்ள அரை மணி நேரம் உதவும்.

4. எப்போது அனுப்புவது?

மூன்று நாள் முன்பு ஒரு முறை, அன்று காலை நினைவூட்டலாக ஒரு முறை போதும். நினைவூட்டலில் செருப்பு, வண்டி பற்றி எழுதுங்கள். வாசலில் இருபது ஜோடி செருப்பைப் பார்த்தால் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிடும். செருப்பை உள்ளே எடுத்து வரச் சொல்லுங்கள், வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லுங்கள்.

5. தாமதமாக வருபவர்கள்

6:30க்கு மேல் வருபவர்கள் மணி அடிக்காமல் தெருமுனை டீக்கடையில் நிற்கட்டும். அம்மாவுடன் கோயிலுக்குப் போனவர் கிளம்பும்போது உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அம்மா உள்ளே நுழைந்த பிறகு அதே லிஸ்ட்டில் "வரலாம்" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்.