‘நாட் கிவன்’ குழப்பத்துக்கு நான் கண்ட வழி

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடம், 40 கேள்வி. ஒரு கூற்று பத்தியோடு ஒத்துப்போனால் ட்ரூ, முரண்பட்டால் ஃபால்ஸ், பத்தியில் அதுபற்றித் தகவலே இல்லாவிட்டால் நாட் கிவன். இந்தக் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வரும். அதனால் ஆண்டையோ பெயரையோ கண்ணால் தேடிப் பிடித்து, அந்த இரண்டு வரியை மட்டும் நிதானமாகப் படிக்கிறேன்.

பத்தியில், “2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு நீர் சேமிப்பு, வெள்ளத் தடுப்பு, பொழுதுபோக்கு மூன்றுக்கும் பயன்படுகிறது” என்றிருக்கட்டும். கேள்வி: “வெள்ளத் தடுப்பே அதன் முதன்மை நோக்கம்.” சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இங்கே சொந்த அறிவு குறுக்கிடும், அதுதான் தொல்லை. எது முதன்மை என்று பத்தி சொல்லவே இல்லை. ஆக, நாட் கிவன்.

“வெள்ளத்தைத் தடுக்க அது உதவாது” என்றால் பத்தியே மறுக்கிறது, ஃபால்ஸ். மறுக்கும் வரியை விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் ஃபால்ஸ் போடுவதில்லை. ஒரு நிமிடம் தேடியும் சிக்காவிட்டால் நாட் கிவன் போட்டு நகர்ந்துவிடுவேன். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.