குளிர் என்று சொன்ன சிவப்பு விளக்கு

நுவரெலியாக் காலைக் குளிரில் ட்ரில் பற்றரி சார்ஜ் ஏற மறுத்தால் நான் அலட்டிக்கொள்வதில்லை. என் சார்ஜரில் சிவப்பு மெதுவாக மின்னினால், பற்றரியின் வெப்பநிலை சரியில்லை, பொறு என்று அர்த்தம். ஆனால் மத்தியானமும் அதே மின்னல்தான்.

பெட்டியைத் திறந்து ஐந்து செல்லையும் தனித்தனியாக அளந்தேன். எல்லாம் 3.7 வோல்ட்டை ஒட்டியே இருந்தன, ஏற்றத்தாழ்வு இல்லை. ஒன்று மட்டும் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்திருந்தால் அத்தோடு விட்டிருப்பேன்.

அப்புறம் செல்லோடு ஒட்டிய வெப்ப சென்சர். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டவேண்டியது. குளிரக் குளிர இந்த எண் ஏறும். மீற்றரோ முடிவிலி காட்டியது. சார்ஜருக்கு அது கடுங்குளிர்! ட்ரில்லின் அதிர்வில் போல, ஒரு காலின் ஈயப்பற்று வெடித்திருந்தது. மறுபடி பற்றவைத்ததும் 12 கிலோ ஓம். விரலால் பிடிக்க இறங்கியது. பச்சை எரிந்தது.

சென்சருக்குப் பதில் வெறும் ரெசிஸ்டர் போடச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால், பற்றரி கொதித்தாலும் சார்ஜருக்குத் தெரியாது.