கண்காட்சியில் கருவாட்டு ஸ்டால்: வாடகையோடு கணக்கை நிறுத்தினால் வரும் நட்டம்

பாம்பன், மண்டபம், பெரியபட்டினம் பக்கம் கருவாடு விற்கும் மகளிர் குழுக்களிடம், ராமநாதபுரத்தில் மூன்று நாள் கண்காட்சி நடக்கப்போகிறது என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "ஸ்டால் வாடகை எவ்வளவு?" என்பதுதான். மூவாயிரம் என்று பதில் வந்தால் மனக்கணக்கு உடனே ஓடும். கிலோ 280 ரூபாய்க்கு நெத்திலிக் கருவாடு வாங்குகிறோம், 400க்கு விற்கிறோம், கிலோவுக்கு 120 நிற்கிறது, அப்படியானால் 25 கிலோ விற்றால் வாடகை வந்துவிடும், அதற்கு மேல் விற்பதெல்லாம் லாபம். பணத்தைக் கட்டிவிடுவார்கள். இந்த மனக்கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பெரும்பாலான ஸ்டால்கள் நட்டப்படுவது இந்த இரண்டால்தான்.

முதல் ஓட்டை அந்த 120 ரூபாய். கருவாடு வாங்கிய எடையில் விற்பதில்லை. மூட்டையில் தூளாகும், தலை உடையும், சலித்தால் மணல் கொஞ்சம் கழியும், காய்ந்த காற்றில் எடை இன்னும் இறங்கும். நூற்றுக்கு ஐந்து கழிவு என்று வைத்தாலே 280 ரூபாய்ச் சரக்கின் அடக்கம் 295 ஆகிவிடுகிறது. கண்காட்சியில் கால் கிலோ பாக்கெட்டாகத்தான் போகும். பாக்கெட்டுக்குக் கவரும் லேபிளும் சேர்த்து ஐந்து ரூபாய் என்றால் கிலோவுக்கு இருபது. ஆக உண்மையான அடக்க விலை 315, கையில் நிற்பது 85. இங்கே போட்டிருக்கும் விலைகள் கணக்கு புரிவதற்காக. நெத்திலி விலை பருவத்துக்குப் பருவம் மாறும், உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். முறை மட்டும் மாறாது.

இரண்டாவது ஓட்டை, செலவு என்றால் வாடகை என்று நினைப்பது. லோடு ஆட்டோவுக்குப் போகவும் வரவும் 1,200. இரண்டு பேருக்குச் சாப்பாடும் பஸ்ஸும் நாளுக்கு 400, மூன்று நாளுக்கு 1,200. பேனர், கூடுதல் பல்பு, மேசை விரிப்பு என்று 600. அப்புறம் கூலி. நம் ஆட்கள்தானே என்று இதை விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு பேரும் ஊரில் இருந்திருந்தால் மீன் பிரிக்கவோ காயப்போடவோ போய் ஆளுக்கு 400 சம்பாதித்திருப்பார்கள், அதை விட்டுவிட்டுத்தான் ஸ்டாலில் நிற்கிறார்கள். மூன்று நாளுக்கு அது 2,400. வாடகை 3,000ஐயும் சேர்த்தால் மொத்தம் 8,400.

இப்போது 8,400ஐ 85ஆல் வகுத்துப் பாருங்கள். 99 கிலோ விற்றால்தான் கைமுதல் திரும்பும். மனக்கணக்கில் 25 கிலோ என்று இருந்தது இது. கிட்டத்தட்ட 400 பாக்கெட். நாளுக்கு 132. காலை பதினொன்றிலிருந்து இரவு ஒன்பது வரை ஸ்டால் திறந்திருந்தால் மணிக்கு 13 பாக்கெட், அதாவது நாலரை நிமிடத்துக்கு ஒன்று. பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டமே இல்லாத வேளையிலும் சேர்த்துச் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருவர் கருவாடு வாங்குவாரா? சனி, ஞாயிறு சாயங்காலம் வாங்கலாம். மூன்று நாளும் அப்படி நடக்காது.

மகளிர் திட்டம் மூலம் நடக்கும் கண்காட்சிகளில் குழுக்களுக்குப் பல சமயம் இடம் இலவசமாகவே கிடைக்கும். இலவசம்தானே என்று யோசிக்காமல் கிளம்புவதும் தவறுதான். வாடகையைக் கழித்தாலும் மற்றச் செலவு 5,400 அப்படியே இருக்கிறது. அதை எடுக்கவே 64 கிலோ விற்க வேண்டும்.

இப்படி எண் பெரிதாக வந்தால் பலர் அதிகச் சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் கெட்ட முடிவு. ஒரு குழு 150 கிலோவைப் பாக்கெட் போட்டுக் கொண்டுபோய் 80 கிலோ விற்றதாக வைத்துக்கொள்வோம். கல்லாவில் 32,000 ரூபாய் இருக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 80 கிலோவுக்கு நின்றது 6,800. செலவு 8,400. இங்கேயே 1,600 துண்டு விழுகிறது. மீதி 70 கிலோ வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அதை வாரச் சந்தையில் பழைய விலைக்கே விற்றுத் தீர்த்துவிட முடிந்தால் சேதம் இல்லை. முடியாமல் மொத்த வியாபாரியிடம் தள்ளினால் அவர் 240க்குக் கேட்பார். பாக்கெட் காசும் போயிற்று, கிலோவுக்கு 75 நட்டம், 70 கிலோவுக்கு 5,250. ஆகக் கையில் 32,000 எண்ணிய குழுவுக்கு உண்மையில் 6,850 ரூபாய் நட்டம். அடுத்த மாதம் சரக்கு எடுக்கக் காசு இல்லாதபோதுதான் இது தெரியவரும்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றே ஈரம். உப்பு அந்த ஈரத்தை இழுக்கும். கருவாட்டை விரலால் அழுத்தினால் பிசுபிசுப்பு தெரியும், பாக்கெட்டின் உள்பக்கம் பூத்தாற்போல் ஆகும், சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். உப்புப் போட்ட பெரிய மீன்களில் இளஞ்சிவப்பாகப் படர்ந்தால் அதுவும் கெட்டுப்போனதன் அடையாளம். அந்த மாதங்களில் மீதிச் சரக்கைப் பிறகு விற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கை வைத்துக்கொள்ளவே கூடாது.

சரி, அப்படியானால் எப்படிப் போவது? கிலோவுக்கு 85 நிற்கும் ஒரே பொருளை நம்பிப் போகாமல், நல்ல இடைவெளி உள்ள ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே நெத்திலியின் தூளையும் உடைந்ததையும் சுத்தம் செய்து, முண்டு மிளகாயும் பூண்டும் சேர்த்து வறுத்துப் பொடியாக்கினால், நூறு கிராம் டப்பா 40 ரூபாய் அடக்கத்தில் முடிந்து 90க்குப் போகும். நாளுக்கு 30 டப்பா விற்றால் மூன்று நாளில் 4,500 நிற்கிறது. மீதி 3,900ஐ மட்டும் கருவாடு தூக்க வேண்டும், அதற்கு 46 கிலோ போதும். மணிக்கு ஆறு பாக்கெட். இது நடக்கக்கூடிய எண். சரக்கும் 60 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதிலும் முதல் நாளுக்கு 25 கிலோ மட்டும் பாக்கெட் போட்டால் போதும், மீதியை உதிரியாக வைத்துக்கொண்டு விற்பனையைப் பார்த்து இரவில் போடலாம். நம் கரையோர ஊர்களிலிருந்து ராமநாதபுரம் தொலைவில்லை, தேவைப்பட்டால் மறுநாள் காலைப் பேருந்தில் ஒரு பை வந்து சேரும்.

எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது நாளைப் பொறுத்தது. இதைக் கவனிக்காமல் தேதி வாங்குகிறவர்கள் நிறைய. புரட்டாசி மாதச் சனிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை, மாலை போட்டிருக்கும் கார்த்திகை மாதம், இவற்றில் ஊரில் பாதி வீடுகளில் கருவாட்டு வாசனையே ஆகாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் என்று அங்கே ஸ்டால் போட ஆசைப்படுவார்கள். தீர்த்தமாட வந்த கூட்டம் அன்றைக்குக் கருவாடு வாங்காது. அந்தக் கூட்டத்துக்குப் பனங்கற்கண்டும் ஓலைக் கொட்டானும் சங்குப் பொருளும்தான் சரி. ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விஷயம் வேறு, ஊருக்குத் திரும்பும்போது கருவாடு கட்டிக்கொண்டு போவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துபவர்களிடம் கருவாடு வைக்க அனுமதி உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மூடிய மண்டபமாக இருந்தால், பக்கத்து ஜவுளி ஸ்டால்காரர் வாசனையைச் சொல்லிப் புகார் கொடுப்பார், முதல் நாள் மத்தியானமே கடைசி மூலைக்கு மாற்றிவிடுவார்கள். கட்டிய பணம் திரும்ப வராது. திறந்த மைதானம், காற்று வெளியே போகும் ஓரத்து இடம், சீல் வைத்த பாக்கெட், இந்த மூன்றும் இருந்தால் தொந்தரவு குறையும். எடைத் தராசில் முத்திரை இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கேரி பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது, பையைப் பிடித்தால் அபராதம் அன்றைய லாபத்தைத் தின்றுவிடும்.

ஸ்டாலுக்கு முன்னால் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, மண் இருக்குமா?" என்பதுதான். கடற்கரை மணலில் நேராகக் கொட்டிக் காயப்போட்டதற்கும், வலை விரித்தோ சிமெண்டுத் தளத்திலோ காயப்போட்டதற்கும் வித்தியாசம் வாங்குகிறவருக்குத் தெரியும். சந்தையில் 360க்குக் கிடைப்பதை உங்களிடம் 400 கொடுத்து வாங்குகிறார் என்றால் இதற்காகத்தான். வலையில் காயவைத்தது என்று பேனரில் எழுதுங்கள், ஒரு தட்டில் கொட்டிக் கையால் அள்ளிப் பார்க்க விடுங்கள். மணல் கலந்த சரக்கைக் கொண்டுபோய் 400 கேட்டால் இரண்டாம் நாள் போணியே ஆகாது.

கண்காட்சியோடு வாரச் சந்தையையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தரை வாடகை 100, வண்டிக்கு 300, ஒரு ஆள் கூலியும் சாப்பாடும் 500, மொத்தம் 900. உதிரியாக 360க்கு விற்றால், 295 அடக்கமும் காகிதப் பைக்கு ஐந்து ரூபாயும் போகக் கிலோவுக்கு 60 நிற்கும். 15 கிலோவில் செலவு அடைபடும், 20 கிலோ விற்றால் 300 மிச்சம். தொகை சிறியது. ஆனால் மீதிச் சரக்கு அடுத்த வாரமும் அதே இடத்தில் விற்கும், வாங்கியவர் திரும்ப வருவார், கண்காட்சியில் மீந்ததைக் கழிக்கவும் இடம் இருக்கும். சந்தையில் நிலையாக ஒரு இடம் இல்லாத குழு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறியிருக்கும் சரக்கை எடுத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கண்காட்சியில் தினமும் இரவு ஸ்டாலை மூடும்போது மூன்றை எழுதுங்கள்: காலையில் இருந்த பாக்கெட், இப்போது இருக்கும் பாக்கெட், வந்த பணம். க்யூஆரில் வந்த பணம் ஒரு உறுப்பினரின் சொந்தக் கணக்கில் விழுந்து வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் இந்த மூன்றும் பொருந்தாது, அதனால் குழுக் கணக்கின் க்யூஆரை மட்டும் ஒட்டுங்கள். முதல் நாள் இரவு 60 பாக்கெட்டுக்குப் பதில் 25தான் போயிருந்தால் ஊரிலிருந்து மேற்கொண்டு சரக்கு வரவழைக்காதீர்கள், உதிரியாக இருப்பதைப் பாக்கெட் போடாதீர்கள். விலையை இறக்குவதானால் கடைசி நாள் மாலை ஏழு மணிக்குமேல் மட்டும், அதுவும் பாக்கெட்டுக்கு 85 ரூபாய் வரை. சரக்கு அடக்கமே 79 ரூபாய், அதற்குக் கீழே போவதைவிட மறுவாரம் சந்தைக்கு எடுத்துப் போகலாம்.