முள்ளந்தண்டு அடிபட்டு முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு ஊரில் ஒரு சகபாடிக் குழு தொடங்குவது எப்படி

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் தம்பி ஒருவர் நான்கு மாதமாகச் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். தென்னையில் இருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. "ஆர் வந்தாலும் போர்வையை இழுத்து மூடிக்கொள்றான் மனே" என்று அவருடைய அம்மா என்னிடம் சொன்னார். நானும் 11 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்கள் குழு அந்த வீட்டில் இருந்துதான் தொடங்கியது. அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ நீங்களும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், நாங்கள் செய்ததையும் பிழைவிட்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆட்களைத் தேடுவது

அறிவித்தல் ஒட்டினால் புதிதாக அடிபட்டவர் வரமாட்டார். அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. அதனால் அவரை ஏற்கெனவே பார்க்கிறவர்களிடம் போங்கள்: வைத்தியசாலையில் உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், ஊரின் கிராம உத்தியோகத்தர். ஆனால் அவர்களிடம் நோயாளியின் பெயரையோ இலக்கத்தையோ கேட்காதீர்கள். அதைக் கொடுப்பதும் சரியல்ல, வாங்குவதும் சரியல்ல. உங்கள் போன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, "விருப்பம் என்றால் வீட்டுக்காரர் எங்களுக்கு எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். முதல் அழைப்பு எங்களுக்கு வர ஐந்து வாரம் ஆனது.

தொடங்க ஐந்து ஆறு பேர் போதும். அதில் இரண்டு பேராவது அடிபட்டு மூன்று வருடமாவது கடந்தவர்களாக இருக்க வேண்டும். எல்லோரும் புதியவர்கள் என்றால் "இனி எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. சீனி வருத்தத்தில் கால் எடுத்தவர்களையும் பார்வை இழந்தவர்களையும் சேர்த்து ஒரே குழுவாக்கலாமா என்று கேட்பார்கள். உரிமைகளுக்காகச் சேர்ந்து நிற்க அது நல்லது. முதல் வருடத்துக் கதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். முள்ளந்தண்டு அடிபட்டவருடைய பெரிய கவலை நடப்பது மட்டுமில்லை, சிறுநீரும் மலமும்தான். அதே கவலை உள்ளவர் முன்னால்தான் அவர் அதைப் பற்றி வாய் திறப்பார்.

2. கூட்டத்துக்கு முன்னால் வீடு

கூட்டத்துக்கு வா என்று யாரையும் கூப்பிடாதீர்கள், முதலில் நீங்கள் போங்கள். வயதும் அடிபட்ட இடமும் ஓரளவு ஒத்த ஒருவர் போவது நல்லது. பெண்ணிடம் பெண்தான் போக வேண்டும். உத்தியோகத்தரையோ பழக்கூடையையோ கூட்டிக்கொண்டு போனால் அது நோய் பார்க்கப் போனது போல் ஆகிவிடும்.

அந்தத் தம்பியிடம் முதல் முறை போனபோது அவர் திரும்பவே இல்லை. நான் அரை மணி நேரம் திண்ணையில் அம்மாவோடு கதைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை, என் நாற்காலி கதவு நிலையில் இடிபடும் சத்தம் கேட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அம்மா தேத்தண்ணி போடப் போன நேரம், மெல்லிய குரலில் கேட்டார்: "அண்ணே, யூரின் போறதுக்கு நீங்க என்ன செய்றீங்க?"

என் பையைத் திறந்து மடியில் வைத்தேன். உறையோடு இருந்த குழாய், சின்ன சவர்க்காரம், ஒரு போத்தல் தண்ணீர், துடைக்கத் துணி. எங்கேயாவது போகிற நாளில் எத்தனை மணிக்குக் குழாய் போடுகிறேன், நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்ற கணக்கை எப்படிப் பிடிக்கிறேன், காலையிலேயே மலம் கழிக்கும் நேரத்தை எப்படிப் பழக்கினேன் என்று சொன்னேன். நனைந்துவிடும் பயத்தில் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். அப்படிச் செய்தால் சிறுநீரில் கிருமி பிடிக்கும், எனக்கு அதே பிழையால் இரண்டு முறை காய்ச்சல் வந்தது என்றேன். அவருக்கு எந்த அளவுக் குழாய், எத்தனை முறை என்பதைக் கிளினிக்கில் கேட்கச் சொன்னேன். அந்த 20 நிமிடக் கதைக்குப் பிறகுதான் கூட்டத்துக்கு வருகிறேன் என்றார்.

"எல்லாம் சரியாகிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சரியாகாது என்றும் சொல்லாதீர்கள். நடப்பாரா என்ற கேள்வி வைத்தியருக்கு உரியது.

3. இடம்

எங்களுக்கு முதலில் கிடைத்தது ஒரு பொது மண்டபம். வாசலில் இரண்டு படி, சேர்த்து 14 அங்குலம். சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். ஆக 14 அங்குலத்துக்கு 14 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அவ்வளவு இடம் அங்கே இல்லை. "நாலு பேர் தூக்கி வைப்போம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். தூக்கிக்கொண்டு வரப்பட்டவர் நினைத்த நேரம் எழும்பிப் போக முடியாது.

கடைசியில் ஓர் உறுப்பினரின் வளவில் சீமெந்து போட்ட கொட்டில் ஒன்றைப் பிடித்தோம். கேட்டில் இருந்து அதுவரை குருமணல், சில்லு புதையும். பழைய பிளைவூட் பலகைகளை வரிசையாகப் போட்டுப் பாதை ஆக்கினோம். மலசலகூடக் கதவு நாற்காலிக்குப் போதாமல் இருந்தது, கதவைக் கழற்றிவிட்டுத் தடித்த திரை போட்டதும் போதுமான அகலம் வந்தது. இடத்தை முடிவெடுக்க முன் நாற்காலியில் இருக்கிற ஒருவர் வாசலில் இருந்து மலசலகூடம் வரை தானே உருட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். நடக்கிறவரின் கண்ணுக்கு அரை அங்குல நிலைப்படி தெரியாது.

நேரமும் முக்கியம். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் மேல்முதுகில் அல்லது கழுத்தில் அடிபட்டவருக்கு உடம்புச் சூடு சீக்கிரம் ஏறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் கூட்டம் வைக்கவே கூடாது. நாங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கி 10.30க்கு முடிக்கிறோம். படுவான்கரையில் இருந்து வருகிறவர்களுக்கு ஆட்டோக் காசை எல்லோரும் பங்கு போடுகிறோம்.

4. அந்த ஒன்றரை மணி நேரம்

வட்டமாக இருப்போம். ஒருவரின் போனில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறோம். அடித்தவுடன் யார் கதைத்தாலும் நிற்கும். கையில் பலம் உள்ளவர் உடம்பை உயர்த்துவார், மற்றவர் முன்னால் குனிந்து மடியில் சாய்வார். சில வினாடி போதாது, இரண்டு நிமிடம் அளவில் அழுத்தம் விட வேண்டும், இல்லாவிட்டால் புட்டத்தில் புண் வரும். வீட்டில் அம்மா நூறு முறை சொல்லியும் செய்யாதவர், இங்கே ஆறு பேரும் சேர்ந்து குனியும்போது குனிந்துவிடுகிறார்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இந்த மாதம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்வார். சொல்ல விருப்பமில்லை என்றால் "அடுத்தவர்" என்றால் போதும். அப்புறம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "குளிப்பது எப்படி", "மனைவியோடு எப்படி", "பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்குப் போவதா". இரண்டாவது கேள்விக்கு ஒரு முறையும் நேரம் கிடைத்ததில்லை.

ஒரு விதி மட்டும் இறுக்கமாக வைத்திருக்கிறோம்: "நான் இப்படிச் செய்தேன்" என்று சொல்லலாம், "நீ இப்படிச் செய்" என்று சொல்லக் கூடாது. இதைப் படித்த விதம் வருத்தமானது. இரண்டாம் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் அந்தத் தம்பியிடம், காலுக்கு எண்ணெய் பூசிச் சுடச்சுட ஒத்தடம் கொடு, நரம்பு எழும்பும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். நடத்திக்கொண்டிருந்த நான் தடுக்கவில்லை. உணர்வில்லாத காலில் சூடு தெரியாது. அடுத்த கிழமை முழங்காலுக்குக் கீழே முட்டை அளவு கொப்புளம். ஆற ஒன்றரை மாதம் ஆனது. இப்போது மருந்து, எண்ணெய், ஒத்தடம் என்று வந்தால் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்கில் கேட்டுவிட்டு வந்துதான் அடுத்த கூட்டத்தில் கதைக்கிறோம்.

இன்னொன்று, கூட வருகிற உறவினர். தம்பியின் மாமா முதல் கூட்டத்தில் எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். "அவன் இரவில நித்திரை கொள்றதில்ல" என்பது வரை. தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த முறை உறவினர்களுக்கு மாமரத்தின் கீழே தனியாகக் கதிரை போட்டோம், என் மனைவி அவர்களோடு இருந்தார். அவர்களுக்கும் சொல்ல நிறைய இருந்தது.

5. கூட்டத்தில் கவனமாகப் பார்க்க வேண்டிய இரண்டு

நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்ட ஒருவருக்குத் திடீரென்று தலை இடிக்க, முகம் சிவந்து வியர்த்தால் அது வெயில் என்று விடாதீர்கள். இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். படுக்க வைக்க வேண்டாம், நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். அதோடு 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மற்றது, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற சொல். அதை ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். தனியே கூப்பிட்டு, "சாக நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அவரோடு இருந்தே எடுங்கள். குழுவில் கதைப்பது வெளியே போகாது என்ற வாக்கில் இது மட்டும் விலக்கு என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

6. உதவிப் பொருளும் கூட்டமும்

நான்காம் கூட்டத்துக்கு ஒரு தரப்பார் உலர் உணவுப் பொதியோடு வந்து, கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு அக்காமார் வரவில்லை. இன்னும் வரவில்லை. வேறு சிலர் பெயர் பதிகிற இடம் என்று நினைத்து வரத் தொடங்கினார்கள். அதன் பிறகு கொடுப்பனவு விண்ணப்பம், நாற்காலி கேட்பது, பொதி எல்லாவற்றையும் வேறு ஒரு நாளுக்கு மாற்றினோம். கூட்ட நாளில் கேமரா இல்லை, பட்டியல் இல்லை.

வெள்ளாண்மை வெட்டுக் காலத்திலும் மழை நாட்களிலும் கூட்டிவர வீட்டில் ஆள் இருக்காது, வரவு பாதியாகும். குழு உடைகிறது என்று பதற வேண்டாம். அந்த மாதங்களில் இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, கிழமைக்கு ஒருமுறை ஒருவருக்கு ஒருவர் போன் எடுக்கச் சொல்கிறோம். யார் இரண்டு முறை எடுக்கவில்லையோ, அந்த வீட்டுக்கு ஒருவர் போவார்.

புதியவர் எப்போது மற்றவர் வீட்டுக்குப் போகலாம்? அடிபட்டு ஒரு வருடமாவது ஆகி, தன் கதையை அழாமல் சொல்ல முடிந்து, உடம்பில் திறந்த புண் எதுவும் இல்லாத போது. அந்தத் தம்பியை 15ஆம் மாதம் வெல்லாவெளியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். என்னைக் கேட்டடியில் நிற்கச் சொல்லிவிட்டு, மடியில் தன் பையோடு உள்ளே போனார்.