மனச்சோர்வுக்கான கூட்டுப் பராமரிப்பு: செலவுத்திறன் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கூட்டுப் பராமரிப்பு முறை பலன் தருகிறதா என்பதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. 2012-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 79 சோதனைகளையும் 24,308 பங்கேற்பாளர்களையும் சேர்த்துப் பார்த்து, வழக்கமான சிகிச்சையைவிட இதில் மனச்சோர்வு நன்றாகவே குறைகிறது என்று காட்டிவிட்டது. அந்தப் பலனுக்கு ஆகும் கூடுதல் செலவு தகுமா என்பதில்தான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகளை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் வழக்கமான மருத்துவர்தான் இங்கேயும் சிகிச்சை தருகிறார். அவருடன் ஒரு பராமரிப்பு மேலாளர் சேர்கிறார். பெரும்பாலும் செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ இருப்பார். அவர் நோயாளிகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை தொடர்புகொண்டு மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் பி.எச்.கியூ-9 கேள்விகளைக் கேட்டு, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் குறிக்கிறார். மனநல மருத்துவர் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பராமரிப்பு மேலாளருடன் சேர்ந்து வாராவாரம் பார்த்து, முன்னேற்றம் இல்லாதவர்களுக்குச் சிகிச்சையை மாற்றச் சொல்கிறார். பெரும்பாலான நோயாளிகளை அவர் நேரில் பார்ப்பதே இல்லை.

இப்போது கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு பராமரிப்பு மேலாளருக்குச் சம்பளம், இடம், கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 அலகு ஆகிறது. அவர் ஆண்டுக்கு 100 நோயாளிகளைக் கவனிப்பார் என்றால் தலைக்கு 600. மனநல மருத்துவர் நேரம், பயிற்சி, கூடுதல் மருந்து, கூடுதல் வருகைகள் ஆகியவற்றுக்குத் தலைக்கு 300. ஆக, வழக்கமான சிகிச்சையைவிட ஒரு நோயாளிக்கு 900 அலகு கூடுதல்.

பலன் பக்கத்தில், முதல் ஆண்டில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 50 நாள் கூடுதலாக மனச்சோர்வு இல்லாமல் கழிகிறது. மனச்சோர்வோடு வாழும் ஓர் ஆண்டுக்கும் அது இல்லாத ஓர் ஆண்டுக்கும் வாழ்க்கைத் தரத்தில் 0.3 வித்தியாசம் என்று வைத்தால், 50/365 × 0.3 = 0.041 குவாலி. குவாலி என்பது தரத்தால் எடைபோட்ட வாழ்வாண்டு. முழு ஆரோக்கியத்தோடு ஓர் ஆண்டு வாழ்ந்தால் ஒரு குவாலி. 900-ஐ இதனால் வகுத்தால் ஒரு குவாலிக்கு ஏறத்தாழ 21,900 அலகு. ஒரு குவாலிக்கு 25,000 வரை கொடுக்கத் தயார் என்றால், திட்டம் தேறிவிட்டது.

சரி, தேறியதா?

தலைக்கு 600 என்பது எங்கிருந்து வந்தது

நான் பார்த்தவரை இந்தக் கணக்குகளில் மிக எளிதாகத் தப்பிவிடும் எண் இதுதான். பராமரிப்பு மேலாளரின் சம்பளம் நிலையான செலவு. நோயாளிகள் 100 பேர் வந்தாலும் 60 பேர் வந்தாலும் 60,000-தான். சோதனை நடக்கும்போது ஆய்வுக் குழு ஆட்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும். சாதாரண மருத்துவமனையில் மருத்துவர் மறந்துவிடுவார், நோயாளி தொலைபேசியை எடுக்க மாட்டார், மேலாளர் விலகிப்போய் அந்த இடம் சில மாதங்கள் காலியாகக் கிடக்கும். 60 பேர்தான் என்றால் தலைக்கு 1,000, மொத்தம் 1,300, ஒரு குவாலிக்கு 31,600. திட்டம் விழுந்துவிட்டது. நோயாளிகளுக்குக் கிடைத்த பலனில் ஒரு மாற்றமும் இல்லை, எண்ணிக்கைதான் குறைந்தது.

இன்னொரு விதத்திலும் இது நடக்கிறது. மேலாளர் நோயாளியோடு பேசிய நிமிடங்களை மட்டும் எண்ணி, மணிக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுவார்கள். பதிவேடு பார்ப்பது, எடுக்காத அழைப்புகள், மருத்துவருக்குத் தகவல் சொல்வது, வாராந்திரக் கூட்டம் இவையெல்லாம் கணக்கில் வராது. ஓர் அறிக்கையில் சந்திப்பு நேரம் மட்டும் இருந்து, முழு வேலை நேரத்தோடு அதை ஒப்பிட்ட அட்டவணை இல்லையென்றால், செலவு குறைவாகத்தான் காட்டப்பட்டிருக்கும்.

நாட்களைக் குவாலியாக மாற்றும் எடை

மேலே 0.3 என்று சாதாரணமாக வைத்தேனே, அது அவ்வளவு சாதாரணமான எண் இல்லை. இந்தத் துறையில் மனச்சோர்வில்லாத நாட்களைக் குவாலியாக மாற்ற 0.2 முதல் 0.4 வரை வைக்கும் பழக்கம் உண்டு. அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேரிடம் நடந்த இம்பாக்ட் சோதனையின் செலவுத்திறன் பகுப்பாய்வு 2005-ல் வந்தது. 24 மாதத்தில் 107 நாள் கூடுதல் பலன், புறநோயாளர் செலவில் 295 டாலர் கூடுதல். ஒரு குவாலிக்கு 2,519 முதல் 5,037 டாலர் வரை என்று எழுதினார்கள். மேல் எண் கீழ் எண்ணைவிடச் சரியாக இரண்டு மடங்கு. சோதனைத் தரவில் இருந்த நிச்சயமின்மை அதில் இல்லை, 0.2-க்கும் 0.4-க்கும் இடையிலான தூரம்தான் அது. இரண்டு எண்ணுமே மிகக் குறைவு என்பதால் அங்கே முடிவு மாறவில்லை.

நம் உதாரணத்தில் அந்த வசதி இல்லை. 0.4 வைத்தால் 16,425, 0.2 வைத்தால் 32,850. 25,000 என்ற கோடு நடுவில் போகிறது. ஆகவே 0.4-ஐ மட்டும் அடிப்படைக் கணக்கில் வைத்துவிட்டு 'முந்தைய ஆய்வுகளின்படி' என்று ஒரு வரி எழுதுவது போதாது. முடிந்தால் ஈ.க்யூ-5டி போன்ற கேள்வித்தாளை நோயாளிகளிடமே கொடுத்து வாழ்க்கைத் தரத்தை நேரடியாக அளந்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும்.

பத்து சதவீதம் கூட்டி, பத்து சதவீதம் குறைத்து

உணர்திறன் பகுப்பாய்வு என்றால் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக 10 சதவீதம் அசைத்துப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். செய்து பார்ப்போம். சம்பளம் 66,000 ஆனால் 23,360. நோயாளிகள் 90 ஆனால் 23,522. கூடுதல் நாட்கள் 45 ஆனால் 24,333. எடை 0.27 ஆனாலும் அதே 24,333. எதுவும் 25,000-ஐத் தாண்டவில்லை. பட்டைகளை அடுக்கி ஒரு 'சூறாவளி' வரைபடம் போட்டு, முடிவு உறுதியானது என்று எழுதிவிடலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, எண்கள் தனித்தனியாக அசைவதில்லை. நோயாளிகள் 90, நாட்கள் 45 என்று இரண்டும் ஒன்றாக நடந்தால் 26,136. சரியாக ஓடாத ஒரு மருத்துவமனையில் இவை இரண்டும் சேர்ந்துதான் குறையும். இன்னொன்று, எல்லா எண்ணுக்கும் ஒரே 10 சதவீதம் என்பதற்கு அடிப்படை எதுவும் கிடையாது. சம்பளம் கிட்டத்தட்ட நமக்குத் தெரிந்த தொகை. அதை 10 சதவீதம் அசைப்பதே அதிகம். எடையோ 33 சதவீதம் மேலும் கீழும் போகக்கூடியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் தரவு சொல்லும் வீச்சைத்தான் தர வேண்டும்: சோதனையில் வந்தது என்றால் அதன் நம்பக இடைவெளி, நடைமுறையில் முடிவாவது என்றால் உண்மையில் பார்த்த குறைந்தபட்சமும் அதிகபட்சமும்.

திட்டத்தை நடத்தப் போகிறவருக்கு இதைவிட உதவும் கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை நோயாளிகளுக்குக் கீழே போனால் திட்டம் தேறாது? 25,000 × 0.0411 = 1,027. அதில் 300 போக 727. 60,000-ஐ 727-ஆல் வகுத்தால் 82.5. அதாவது ஒரு மேலாளருக்கு ஆண்டுக்கு 83 பேராவது வேண்டும். இந்த ஒரு எண்ணை வைத்து மாதாமாதம் பதிவேட்டைப் பார்த்தே திட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

எல்லா எண்ணையும் ஒன்றாக அசைக்கும்போது

அடுத்தது நிகழ்தகவு முறை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பரவல் கொடுத்து, ஆயிரக்கணக்கான முறை குலுக்கல் போட்டு, ஒவ்வொரு முறையும் செலவு, பலன் இரண்டின் வித்தியாசத்தையும் எடுப்பது. செலவுக்குக் காமா பரவலும் வாழ்க்கைத் தரத்துக்கும் விகிதங்களுக்கும் பீட்டா பரவலும் பொதுவாக வைப்பார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது: ஒவ்வொரு குலுக்கலிலும் செலவு வித்தியாசத்தைப் பலன் வித்தியாசத்தால் வகுத்த விகிதத்தைக் கணக்கிட்டு, கடைசியில் அந்த விகிதங்களின் சராசரியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் கூடாது என்பதற்கு இரண்டு குலுக்கல்கள் போதும். ஒன்றில் கூட்டுப் பராமரிப்பால் 300 அலகு மிச்சம், 0.03 குவாலி கூடுதல், விகிதம் −10,000. இன்னொன்றில் 300 அலகு அதிகச் செலவு, 0.03 குவாலி இழப்பு. விகிதம் அதே −10,000. முதலாவதைவிட நல்ல சேதி இல்லை, இரண்டாவதைவிட மோசமான சேதி இல்லை, ஆனால் எண் ஒன்றே. பலனின் வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தாலோ விகிதம் எங்கேயோ பறந்துவிடும்.

இதற்குப் பதில் நிகரப் பலனை எடுக்கலாம்: குவாலி வித்தியாசத்தை 25,000-ஆல் பெருக்கி, செலவு வித்தியாசத்தைக் கழிப்பது. முதல் குலுக்கலுக்கு +1,050, இரண்டாவதற்கு −1,050. நம் அடிப்படைக் கணக்குக்கு வெறும் +127. 21,900 என்ற விகிதத்தைப் பார்த்தால் தெரியாத நெருக்கடி 127-ல் பளிச்சென்று தெரிகிறது. எத்தனை சதவீதக் குலுக்கல்களில் நிகரப் பலன் பூஜ்யத்துக்கு மேல் வருகிறது என்று எண்ணி, 25,000-ஐயும் மேலும் கீழும் மாற்றிக் காட்டினால் அதுதான் ஏற்புக்கோடு.

ஒன்று மட்டும்: ஒரு மேலாளருக்கு எத்தனை நோயாளிகள் என்பதைக் குலுக்கலுக்குள் போட வேண்டாம். அது நிர்வாகம் முடிவுசெய்யும் விஷயம். 60, 80, 100 என்று தனித்தனிச் சூழல்களாக வைத்து ஒவ்வொன்றுக்கும் குலுக்கலை ஓட்டினால்தான் படிப்பவருக்கு விளங்கும்.

பலன் எவ்வளவு காலம், யார் காணாமல் போனார்கள்

இரண்டாம் ஆண்டிலும் 30 நாள் கூடுதல் பலன் தொடரும், செலவு எதுவும் இராது என்று ஒரு வரி சேர்த்தால், அடுத்த ஆண்டுப் பலன் என்பதால் அதை 3 சதவீத வீதத்தில் குறைத்து மதிப்பிட்ட பிறகும் ஒரு குவாலிக்கு 13,800 ஆகிவிடும். இந்த ஒரே வரியில் மேலே சொன்ன நெருக்கடி முழுக்க மறைந்துவிடுகிறது. தொடர் கண்காணிப்புத் தரவு இருந்தால் இதைச் சேர்க்கலாம், பலன் தேய்ந்துகொண்டே போவதாக வைத்து. தரவு இல்லையென்றால் ஓராண்டுக் கணக்குதான் அடிப்படை. நீண்ட காலக் கணக்கு தனிச் சூழலாக இருக்கட்டும்.

கடைசியாக விடுபட்ட தரவு. 12-வது மாதத்தில் பி.எச்.கியூ-9 கேள்விகளுக்குப் பதில் சொல்லாதவர்களை அப்படியே நீக்கிவிட்டால், மனச்சோர்வு அதிகமானதால் தொடர்பு விட்டுப்போனவர்களும் சேர்ந்தே போய்விடுவார்கள். விடுபட்ட மதிப்புகளை மற்ற விவரங்களிலிருந்து ஊகித்துப் பலமுறை நிரப்பிப் பார்க்கும் பன்மடங்கு நிரப்பல் முறை இதில் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் நம்மிடம் உள்ள விவரங்களை வைத்தே விடுபட்டதை விளக்கிவிடலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதனால் கூட்டுப் பராமரிப்புப் பிரிவில் நிரப்பிய வாழ்க்கைத் தர மதிப்புகளை மட்டும் 5, 10, 20 சதவீதம் என்று படிப்படியாகக் குறைத்து, எந்தப் படியில் நிகரப் பலன் பூஜ்யத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். நம் உதாரணம் போல வெறும் 127 அலகு உபரி இருக்கும் கணக்கில் அது முதல் படியிலேயே தொட்டுவிட்டாலும் ஆச்சரியமில்லை.